100% தேர்ச்சி, மாவட்ட முதலிடம்... பள்ளி வாழ்த்து விளம்பரத்தை எப்படிப் படிப்பது? பாகலூர் பள்ளி ஒன்று உண்மையை மட்டும் போட்டால் எப்படி இருக்கும்?

பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் பேப்பரைத் திறந்தால் பாதிப் பக்கம் மாணவர்களின் முகங்கள்தான். 'மாவட்ட அளவில் முதலிடம்', 'தொடர்ந்து 100% தேர்ச்சி', 'சென்டம் மழை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே தாளாளர், முதல்வர், ஆசிரியர்களின் வாழ்த்து. அதற்கும் கீழே, 'அட்மிஷன் நடைபெறுகிறது'.

பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தை வைத்துத்தான் பல பெற்றோர் அடுத்த வருஷம் எந்தப் பள்ளி என்று முடிவு செய்கிறார்கள். அதனால் அதில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் பக்கத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் பாகலூரில் ஒரு பள்ளி மிகைப்படுத்தாமல் விளம்பரம் கொடுக்க நினைத்தால் என்ன போடலாம், எதைப் போடக் கூடாது? பார்க்கலாம்.

'மாவட்ட முதலிடம்' என்று ஒன்று இப்போது இருக்கிறதா?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் இல்லை. 2017 மே மாதம், பிளஸ் 2 முடிவு வருவதற்கு முந்தைய நாள், அப்போதைய பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் செங்கோட்டையன் ரேங்க் முறை கைவிடப்படுவதாக அறிவித்தார். மே 12-ல் வந்த முடிவில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் எதுவும் இல்லை. அன்று முதல் அரசுத் தேர்வுகள் இயக்ககம் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி, மாவட்ட வாரியாகத் தேர்ச்சி சதவீதம் எவ்வளவு என்ற விவரங்களைத்தான் வெளியிடுகிறது. தனி மாணவருக்கு ரேங்க் கிடையாது.

ரேங்க் இருந்த காலத்திலேயே அதற்குப் பெரிய அர்த்தம் இல்லாமல் போயிருந்தது. 2015-ல் பத்தாம் வகுப்பில் 500-க்கு 499 எடுத்து மாநில முதலிடம் பிடித்தவர்கள் மட்டும் 41 பேர். இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பட்டியல் தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கானது. வேறு மொழி எடுத்தவர்கள் தனிக் கணக்கு. தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கும் ஓசூர் பக்கத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்த ஒன்று.

ஆக, இன்று ஒரு பள்ளி 'மாவட்டத்தில் முதலிடம்' என்று போட்டால் அதற்கு அரசு ஆவணம் எதுவும் இருக்க முடியாது. 'பாகலூர் வட்டாரத்தில் முதலிடம்' என்று போட்டாலும் அதே கதைதான். சுற்றியிருக்கும் எல்லாப் பள்ளிகளின் மதிப்பெண்ணையும் யார் வாங்கி ஒப்பிட்டது? அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. ஒரு பள்ளியால் உறுதியாகச் சொல்ல முடிந்தது 'எங்கள் பள்ளியில் அதிகபட்ச மதிப்பெண் இது' என்பது மட்டும்தான். சி.பி.எஸ்.இ.யும் இப்போது மெரிட் லிஸ்ட் வெளியிடுவதில்லை. ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்க்கவே இந்த முடிவு என்று 2023-ல் சொன்னது.

எல்லையில் மட்டும் வரும் குழப்பம்

பாகலூரில் இருந்து சாலை நேராகக் கர்நாடகாவின் மாலூருக்குப் போகிறது. இங்கே இருக்கும் வீடுகளில் ஒரு பிள்ளை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும், சித்தப்பா பிள்ளை கர்நாடகாவிலும் படிப்பது சாதாரணம். இரண்டு ஊர் விளம்பரமும் கண்ணில் படும்.

ஆனால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு 5 பாடம், மொத்தம் 500. கர்நாடகாவில் முதல் மொழிக்கு 125, மற்ற 5 பாடங்களுக்குத் தலா 100, மொத்தம் 625. 'எங்கள் மாணவர் 600 எடுத்தார்' என்ற கர்நாடக விளம்பரத்தையும், 'எங்கள் மாணவி 480 எடுத்தார்' என்ற தமிழ்நாட்டு விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு 600 பெரிது. கணக்குப் போட்டால் இரண்டுமே 96%.

அங்கே முதலிடம் பிடித்தவர்களின் விவரமும் வெளிவருகிறது. 2025-ல் 625-க்கு 625 எடுத்தவர்கள் 22 பேர். அதைப் பார்த்துவிட்டு, 'இங்கேயும் ஃபர்ஸ்ட் யாருன்னு போடுங்க' என்று பெற்றோரே கேட்பதுண்டு. அதனால் எல்லைப் பகுதிப் பள்ளி விளம்பரத்தில் எந்தப் பாடத்திட்டம், எத்தனைக்கு எத்தனை என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டாக வேண்டும்.

100% தேர்ச்சி... எத்தனை பேரில்?

இதுதான் முக்கியமான இடம். தேர்ச்சி சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் எண் பாஸ் ஆனவர்கள். கீழே இருக்கும் எண் யார்? விளம்பரம் அதைச் சொல்வதே இல்லை.

அரசு அறிவிக்கும் தேர்ச்சி சதவீதத்தில் கீழே இருப்பது தேர்வு எழுதியவர்கள். உதாரணமாக 2025-ல் பத்தாம் வகுப்பை 8,71,239 பேர் எழுதினார்கள், 8,17,261 பேர் பாஸ். அதாவது 93.80%. அரசு இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்வதால் யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்க்கலாம்.

ஆனால் பெயர் பதிவாகியும் தேர்வுக்கே வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது 2023-ல்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பிளஸ் 2 மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வரவில்லை. முடிவு வந்தபோது எழுதியவர்கள் 8,03,385 பேர், தேர்ச்சி 7,55,451 பேர், 94.03%. பதிவு செய்திருந்தவர்களோ சுமார் 8.5 லட்சம். அந்த எண்ணால் வகுத்தால் 89 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாஸ் ஆனவர்கள் அதே ஆட்கள்தான். கீழே இருக்கும் எண் மாறியதும் 5 சதவீதப் புள்ளி போய்விடுகிறது.

மாநில அளவில் நடப்பது ஒரு பள்ளிக்குள்ளும் நடக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது ஒரு வழி. 'இந்த வருஷம் வேண்டாம், பிரைவேட்டா எழுதட்டும்' என்று தனித்தேர்வராக மாற்றுவது இன்னொரு வழி. இரண்டிலும் அந்தப் பிள்ளை பள்ளியின் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. விளம்பரத்தில் 100% வருகிறது. அது பொய்யான எண்ணும் இல்லை. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டு பள்ளி, ஒரு கணக்கு

புரிவதற்காக இரண்டு கற்பனைப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்போது 60 பேர். அதில் 12 பேருக்கு டி.சி. கொடுத்தாகிவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வை 48 பேர் எழுதி, 48 பேரும் பாஸ். விளம்பரம்: 100% தேர்ச்சி.

இரண்டாவது பள்ளி பாகலூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் 97 பேர். ஒருவர் மட்டும் குடும்பத்தோடு ஊர் மாறிப் போனார். பொதுத்தேர்வுக்குப் பதிவானவர்கள் 96. தேர்வு எழுதியவர்கள் 92. பாஸ் 89. எழுதியவர்களில் தேர்ச்சி 96.7%. பதிவானவர்களை வைத்துப் பார்த்தால் 92.7%.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதே பள்ளியிலிருந்து பத்தாவது பாஸ் ஆனார்கள் என்று கேட்டால்? முதல் பள்ளியில் 60-க்கு 48, அதாவது 80%. பாகலூர் பள்ளியில் 97-க்கு 89, கிட்டத்தட்ட 92%. ஆனால் பேப்பரில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் 100 போட்ட பள்ளிதான் ஜெயிக்கும்.

வராத அந்த 4 பேருக்கும் பள்ளியையே குறை சொல்ல முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். ஓசூர் சிப்காட், சுற்றியுள்ள கம்பெனிகள், பூந்தோட்டங்கள் என வேலைக்காக வந்து போகும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் அதிகம். அப்பாவுக்கு வேலை மாறினால் பிள்ளையின் படிப்பும் பாதியில் நிற்கும். அதனாலேயே பதிவு, எழுதியவர், தேர்ச்சி என்ற மூன்று எண்ணையும் சேர்த்துப் போடுவது பள்ளிக்கும் பாதுகாப்பு. நாளை யாராவது கேட்டால் மறைத்ததாக ஆகாது.

சென்டம் எண்ணிக்கையில் இருக்கும் சூட்சுமம்

'21 சென்டம்' என்று போட்டால் 21 மாணவர்கள் என்று தோன்றும். ஆனால் சென்டம் என்பது தாளின் கணக்கு. ஒரே மாணவி கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும் நூறு எடுத்தால் அது 3 சென்டம். 21 சென்டத்துக்குப் பின்னால் 9 மாணவர்கள் மட்டும் இருக்கலாம். '9 மாணவர்கள், 21 பாடங்களில் 100-க்கு 100' என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

பல கிளைகள் உள்ள பள்ளிகளில் இன்னொரு சிக்கல் வரும். வேறு ஊர்க் கிளையில் படித்த மாணவரின் போட்டோ இந்த ஊர் விளம்பரத்தில் வந்துவிடும். பெயருக்குக் கீழே கிளையின் ஊர் இல்லையென்றால் கேட்பது நல்லது.

போட்டோ போடலாமா?

பிளஸ் 2 மாணவர்களில் பெரும்பாலோர் 17 வயது. பத்தாம் வகுப்பு 15, 16. 18 வயது ஆகாத இவர்கள் சட்டப்படி குழந்தைகள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பேப்பரில் வந்த விளம்பரம் அன்றைக்கே இ-பேப்பரிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் என்பதால், பெயரும் போட்டோவும் மதிப்பெண்ணும் போடுவதற்கு முன் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்வதுதான் சரி. அட்மிஷன் சமயத்தில் வாங்கிய பொதுவான கையெழுத்து போதாது. இந்த மதிப்பெண்ணோடு இந்த விளம்பரத்தில் வரலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

'அப்படியென்றால் பாஸ் ஆன எல்லார் போட்டோவையும் போட்டுவிடலாமே, யாருக்கும் பாகுபாடு இல்லையே' என்று ஒரு யோசனை வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாகலூர் மாதிரி ஒருவரை ஒருவர் தெரிந்த ஊரில் 96 பேர் வகுப்பில் 89 முகம் வந்தால், வராத 7 முகம் யாருடையது என்று தெருவே சொல்லிவிடும். ஃபெயில் ஆனவர்களின் பட்டியலைப் போட்டதற்குச் சமம் அது. பள்ளிக் கட்டடப் படத்தோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

விளம்பரத் துறையே தனக்குத்தானே வைத்திருக்கும் அமைப்பு, இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில். கல்வி விளம்பரங்களுக்கான அதன் விதிகள், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைக் காட்டலாம் என்கின்றன. ஆனால் குறைவாக எடுத்தவர்களைத் தோற்றுப்போனவர்களாகக் காட்டக் கூடாது. முதலிடம், சிறந்தது என்று சொன்னால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

சட்டப்படி தண்டனை உண்டா?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். கோச்சிங் சென்டர்களுக்கு என்றே 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிமுறை வந்தது. ஜெயித்த மாணவரின் பெயர், போட்டோவைப் பயன்படுத்த, அவர் ஜெயித்த பிறகு எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது அது.

பள்ளிகளுக்கும் இது அப்படியே பொருந்துமா? கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தில் வரும் 'சேவை'தானா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போன ஒன்று. அதனால் பள்ளி விளம்பரத்தில் சட்டம் வந்து காப்பாற்றும் என்று பெற்றோர் காத்திருக்க முடியாது. எண்ணைத் தாங்களே கேட்டுப் பார்ப்பதுதான் கைக்கெட்டிய வழி.

விளம்பரம் எப்படித் தயாராகிறது, எங்கே தப்பு நுழைகிறது?

முடிவு காலையில் வரும். மறுநாள் பேப்பரில் வர வேண்டுமென்றால் அன்று சாயங்காலத்துக்குள் மேட்டர் போய்ச் சேர வேண்டும். இடையில் இருப்பது சில மணி நேரம். தலைமையாசிரியர் இயக்ககத்தின் இணையதளத்தில் இருந்து பள்ளியின் மதிப்பெண் பட்டியலை எடுப்பார். ஏஜென்ட் ஏற்கெனவே ஒரு மாதிரியை வைத்திருப்பார், பெரும்பாலும் போன வருஷத்து டிசைன். அதில் 'மாவட்ட முதலிடம்', '100%' எல்லாம் முன்பே இருக்கும். எண்ணை மட்டும் மாற்றித் தரச் சொல்வார். அவசரத்தில் பழைய வரி அப்படியே தங்கிவிடும். பல தப்பு இப்படித்தான் நுழைகிறது.

இதைத் தடுக்க, முடிவு வருவதற்கு ஒரு வாரம் முன்பே வாசகத்தை எழுதி, எண் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு வைக்கலாம். முடிவு வந்ததும் ஒருவர் எண்ணை நிரப்ப, இன்னொரு ஆசிரியர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். டிசைன் ஆகி வரும் கடைசிப் புரூஃபில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட பிறகே பேப்பருக்குப் போக வேண்டும். பட்டியலின் பிரிண்ட் ஒன்றைப் பள்ளியில் எடுத்து வைத்தால், பெற்றோர் வந்து கேட்கும்போது காட்டலாம்.

மறுகூட்டலில் மதிப்பெண் மாறவும் வாய்ப்பு உண்டு. முதல் நாள் 'பள்ளியில் அதிகபட்சம்' என்று ஒருவர் பெயரைப் போட்டு, பிறகு இன்னொருவருக்கு ஒரு மார்க் கூடினால் சங்கடம். 'மறுகூட்டலுக்கு முந்தைய விவரம்' என்று ஒரு வரி போட்டால் போதும்.

அப்படியென்றால் விளம்பரம் எப்படி இருக்கும்?

மேலே பார்த்த கற்பனைப் பாகலூர் பள்ளிக்கு ஒரு மாதிரி:

> பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு 2025
> எங்கள் மாணவ, மாணவியருக்கு வாழ்த்துகள்!
>
> தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம் (மொத்தம் 500 மதிப்பெண்)
>
> பதிவு செய்தவர்கள்: 96
> தேர்வு எழுதியவர்கள்: 92
> தேர்ச்சி பெற்றவர்கள்: 89
>
> 450-க்கு மேல்: 12 பேர்
> 400 முதல் 450 வரை: 23 பேர்
> 9 மாணவர்கள் 21 பாடங்களில் 100-க்கு 100
>
> மீதமுள்ள 7 பேரும் எங்கள் மாணவர்களே. அவர்களுக்கான துணைத்தேர்வு வகுப்புகள் பள்ளியில் இலவசமாக நடக்கின்றன.
>
> பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும் துணை நின்ற பெற்றோருக்கும் நன்றி.
>
> (மறுகூட்டலுக்கு முந்தைய விவரம். மதிப்பெண் பட்டியலைப் பள்ளி அலுவலகத்தில் பார்க்கலாம்.)

இதில் ரேங்க் இல்லை, சதவீதம்கூட இல்லை. தேவைப்படுபவர் தானே வகுத்துக்கொள்ளலாம். சதவீதம் போட்டே ஆக வேண்டும் என்றால் 'எழுதியவர்களில் 96.7%' என்று முழுசாக எழுத வேண்டும். அதை 97 என்றோ 'கிட்டத்தட்ட 100' என்றோ ஆக்கக் கூடாது.

'மீதமுள்ள 7 பேர்' வரிதான் பல பள்ளிகளுக்குப் போட மனம் வராத வரி. ஆனால் அந்த 7 வீட்டுக்கும் அன்றைக்குத் தேவைப்படும் தகவல் அதுதான். ஃபெயில் ஆனவர்கள் மட்டுமின்றி, தேர்வுக்கு வராதவர்களும் துணைத்தேர்வு எழுதலாம். 2025-ல் பத்தாம் வகுப்பு முடிவு மே 16-ல் வந்தது, துணைத்தேர்வு ஜூலை 4-ல் தொடங்கியது. நடுவில் ஏழு வாரம்தான். விண்ணப்பிக்கும் தேதியோ அதற்கும் முன்பே முடிந்துவிடும். வகுப்பு நடத்தும் எண்ணம் இல்லாத பள்ளி இந்த வரியைப் போடக் கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

விளம்பரத்தைப் பார்த்து அட்மிஷனுக்குப் போகிறீர்கள் என்றால் மூன்று கேள்வி போதும்.

1. போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் இந்தப் பள்ளியிலிருந்தே பத்தாவது எழுதினார்கள்?

2. 'முதலிடம்' என்று போட்டிருந்தால், யாருக்குள் முதலிடம், எந்த ஆவணத்தில் இருக்கிறது?

3. ஃபெயில் ஆன பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்தது?

முதல் கேள்விக்கு உடனே எண் சொல்லும் பள்ளி, விளம்பரத்தில் 100% போடவில்லை என்றாலும் கவனிக்க வேண்டிய பள்ளி. 'அதெல்லாம் எதுக்கு சார், ரிசல்ட்டைப் பாருங்க' என்று பதில் வந்தால், அந்த 100-க்குக் கீழே எந்த எண் இருந்தது என்று இன்னொரு முறை யோசிக்கலாம்.